கனடா வந்த முதல் ஆண்டு: வருமானத்தை எந்தத் தேதியில் இரண்டாகப் பிரிப்பது?

ஆண்டு நடுவில் கனடாவுக்குக் குடிவந்தவருக்கு அந்த வரி ஆண்டு இரண்டு துண்டாகிறது. குடியேறிய நாளிலிருந்து டிசம்பர் 31 வரை உலகில் எங்கிருந்து வந்த வருமானமும் கனடாவில் வரிக்கணக்கில் சேரும். அதற்கு முந்தைய பகுதியில் கனடாவிலிருந்து கிடைத்த வருமானம் மட்டுமே சேரும். பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் இருக்காது.

எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது அந்தத் தேதி. அது பிஆர் உறுதியான தேதி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வரித் துறை பார்ப்பது குடியிருப்புப் பிணைப்புகளை: வீடு எங்கே, கணவன் அல்லது மனைவி எங்கே, பிள்ளைகள் எங்கே என்று. மார்ச்சில் பத்து நாள் வந்து லேண்டிங் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, செப்டம்பரில் குடும்பத்தோடு வந்து வீடு எடுத்தவருக்குப் பொதுவாகச் செப்டம்பர்தான் கணக்கு. விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தம் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் மாதம் 2 லட்சம் ரூபாய் வாங்கியவர் 2024 செப்டம்பர் 1 அன்று ஸ்கார்பரோவில் குடியேறினார். ஜனவரி முதல் ஜூலை வரையிலான 14 லட்சம் சென்னையில் இருக்கும்போதே கைக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் சம்பளம் மட்டும் செப்டம்பர் 5 அன்று வங்கியில் ஏறியது. கனடா வேலையில் டிசம்பர் வரை 24,000 டாலர்.

அந்த 14 லட்சத்துக்குக் கனடாவில் வரி இல்லை. ஆகஸ்ட் சம்பளத்தில்தான் சிக்கல். சம்பளத்தைக் கனடா பார்ப்பது உழைத்த மாதத்தை வைத்து அல்ல, பணம் கைக்கு வந்த நாளை வைத்து. 1 டாலர் 62 ரூபாய் என்று கொண்டால் சுமார் 3,226 டாலர் கூடி, மொத்தம் 27,226 டாலர் ஆகிறது. அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவில் கட்டிய வரியை T2209 படிவம் வழியாகக் கழித்துக்கொள்ளலாம். கடைசிச் சம்பளத்தையும் பாக்கிகளையும் விமானம் ஏறும் முன்பே வாங்கிவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

அடுத்து, வரிச்சலுகை. வரி விழாத வருமான வரம்பான கூட்டாட்சி அடிப்படைத் தொகை 2024-க்கு 15,705 டாலர். இது முழுதாகக் கிடைக்காது, நாள் கணக்கில் சுருங்கும். செப்டம்பர் 1 முதல் 122 நாள். 2024-இல் 366 நாள். சரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5,235 டாலர். அந்த ஆண்டின் 15 சதவீத விகிதத்தில் வரி குறைவது 785.25 டாலர். ஒன்டாரியோ மாநிலச் சலுகையும் இப்படியே சுருங்கும். மென்பொருளில் குடியேறிய தேதியைப் போட மறந்தால் அது முழுத் தொகையையும் கொடுத்துவிடும். ரீஃபண்ட் வந்த சந்தோஷம் சில மாதம்தான். பிறகு திருத்திய கணக்கு வந்து, கூட்டாட்சிப் பங்கில் மட்டும் 1,570.50 டாலர் வரை திருப்பிக் கேட்பார்கள்.

இதற்கு விலக்கு உண்டு. வருமுன் பகுதியில் எங்குமே வருமானம் இல்லாதவருக்கு முழுத் தொகை கிடைக்கும். ஊரில் வேலைக்குப் போகாத மனைவியோ, படிப்பை முடித்த மகளோ இதில் வரலாம். அந்தக் காலத்தில் வருமானம் இல்லை என்று ஒரு குறிப்பை ரிட்டர்னோடு இணைத்துவிடுங்கள்.

வரி இல்லை என்பதால் 14 லட்சத்தைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜிஎஸ்டி சலுகைக்கான RC151 படிவமும், பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான உதவித்தொகைக்குரிய RC66 படிவமும் அதன் இணைப்பும் வருமுன் வருமானத்தைக் கேட்கும். உதவித்தொகையை அவர்கள் குடும்ப வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஊரில் மனை, பங்குகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடியேறிய நாளில் அவற்றை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகவே கனடா எடுத்துக்கொள்ளும். 12 லட்சத்துக்கு வாங்கிய தாம்பரம் மனை அன்று 40 லட்சம் பெறும், பிறகு 46 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால், இங்கே லாபம் சுமார் 6 லட்சம்தான். 34 லட்சம் அல்ல. (வாங்கியது, விற்றது இரண்டையும் அந்தந்த நாள் மாற்று விகிதத்தில் டாலராக்கும்போது இது கொஞ்சம் மாறும்.) ஆனால் 40 லட்சத்தை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பத்திரப்பதிவுக்கான அரசு வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் சந்தை விலையோடு ஒத்துப்போவதில்லை. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதியிட்ட அறிக்கையை இப்போதே வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் சிரமம்.

ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30.

இந்தியப் பக்கம் இந்தப் பிரிவினையே கிடையாது. அங்கே ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு ஆண்டுக்கும் ஒரே நிலைதான். வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக ஊரில் இருந்தால் வெளிவாசி. நம் கணக்கில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 153 நாள். அதனால் கனடாச் சம்பளத்தை இந்தியாவில் காட்ட வேண்டாம். இதே நபர் ஜனவரியில் கிளம்பியிருந்தால் அந்த ஆண்டு முழுவதும் இந்திய வாசி. மார்ச் வரை வாங்கிய கனடாச் சம்பளத்தையும் அங்கே காட்டி, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் வழியே நிவாரணம் கேட்க வேண்டியிருக்கும்.