எண்ணெய் வழியுது, ஆனா இறுக்கிப் பிடிக்குது: அந்த முகத்துக்கு என்ன செய்வது?

போன கோடையில் என் சித்தி பெண் ஒரு பை நிறைய டியூப்களோடு வந்தாள். வயது 24. சென்னையில் வேலை, நாள் முழுக்க ஏசி. "அக்கா, மதியம் 12 மணிக்கே மூக்குல எண்ணெய் வழியுது. ஆனா முகம் கழுவினதும் சிரிக்கக்கூட முடியல, அப்படி இழுக்குது. எனக்கு எண்ணெய் சருமமா, வறண்ட சருமமா?"

அவளுக்கு இருந்தது எண்ணெய் சருமம்தான். அதில் தண்ணீர் குறைந்திருந்தது. எண்ணெயைச் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பி. அதை நடத்துவது பெரும்பாலும் ஹார்மோன். தண்ணீர் இருப்பது தோலின் மேலடுக்கில். அந்த அடுக்கு பழுதானால் ஈரம் ஆவியாகிப் போய்விடும். கீழே சுரப்பி தன் பாட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே முகத்தில் பிசுபிசுப்பும் இறுக்கமும் சேர்ந்து வருகின்றன.

படி 1: இரண்டு நாள் சோதனை

விடுமுறை நாளாகப் பாருங்கள். முதல் நாள் காலை வழக்கமான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். எதுவும் பூசாதீர்கள், ஏசி, மின்விசிறிக்கு நேரே உட்காராதீர்கள். பத்து நிமிடம் கழித்து வாயை 'ஆ' என்று அகலத் திறந்து பாருங்கள். கன்னம் இழுக்கிறதா? ஒரு மணி நேரம் கழித்து டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னத்தில் தனித்தனியாக ஒற்றுங்கள்.

டிஷ்யூவில் எண்ணெய் இருந்து, இறுக்கம் இல்லையென்றால் வெறும் எண்ணெய் சருமம். இறுக்கம் இருந்து, டிஷ்யூ எங்குமே காய்ந்திருந்தால் அநேகமாக வறண்ட சருமம். அதற்கு வேறு வழி. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய், கூடவே கன்னத்தில் இறுக்கம் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

மறுநாள் இதே சோதனையை வெறும் தண்ணீரில் கழுவிச் செய்யுங்கள். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். முதல் நாள் இழுத்த முகம் இரண்டாம் நாள் இழுக்கவில்லையென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேஸ்வாஷைத்தான். என் சித்தி பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று கன்னத்தை விரலால் லேசாக மேலே தள்ளுங்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈர முகத்தில் மாய்ஸ்சரைசர் போட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கோடுகள் நன்றாகக் குறைந்திருந்தால் அங்கே ஈரம்தான் போதவில்லை.

படி 2: முதலில் எடுங்கள், பிறகு சேருங்கள்

அவள் பையைக் கவிழ்த்தோம். 2% சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், ஒரு நாளைக்கு நான்கு முறை. ஆல்கஹால் கலந்த டோனர். பருவுக்காக மெடிக்கலில் தானாக வாங்கிய அடாபலின் 0.1% ஜெல், தினமும் இரவில். வாரம் இரண்டு தடவை முல்தானி மிட்டி, அது வெடிக்கும்வரை காயவிட்டு. மாய்ஸ்சரைசர் மட்டும் கிடையாது. "ஏற்கெனவே வழியுது, இன்னும் எதுக்கு பூசணும்?"

இதில் எதுவும் தனியாகப் பார்த்தால் கெட்ட பொருள் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே முகத்தில் விழுந்ததுதான் தொல்லை. இரண்டு வாரம் அத்தனையையும் நிறுத்தச் சொன்னேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

காலையில் வெறும் தண்ணீர். இரவில் ஒரு முறை மட்டும் மென்மையான, நுரை குறைந்த ஃபேஸ்வாஷ். நடுவில் வியர்த்தால் தண்ணீரில் அலசினால் போதும். குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம்: தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். சுமார் 5; சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, பி.எச். 9 முதல் 10 வரை போகும். வெந்நீரும் வேண்டாம்.

படி 3: ஈரத்தின் மேல் மெல்லிய மூடி

முகத்தை முழுக்கத் துடைக்காதீர்கள். ஒற்றி எடுத்து, தொட்டால் ஈரம் தெரியும்போதே, ஒரு நிமிடத்துக்குள் ஜெல் வகை மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். இரண்டு பட்டாணி அளவு போதும். பொருட்பட்டியலின் முன்வரிசையில் கிளிசரின் இருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். டைமெதிகோன், ஸ்குவாலேன், செராமைடு இவற்றில் ஏதாவது இருந்தால் பிடித்த தண்ணீர் போகாமல் காக்கும். ஹையலுரானிக் அமில சீரம் விருப்பம்தான். ஆனால் ஏசி அறையில் அதை மட்டும் பூசி மேலே ஒன்றும் போடாமல் விட்டால் சிலருக்கு இறுக்கம் கூடும்.

"தேங்காயெண்ணெய் தடவு" என்று வீட்டில் சொல்வார்கள். எண்ணெய் மூடியாக இருக்கும், தண்ணீர் தராது. பரு வரும் முகத்தில் துவாரங்களையும் அடைத்துவிடலாம். நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்பதும் பெரிதாகக் கைகொடுக்காது. உடம்புக்கு நல்லது, ஆனால் மேலடுக்கின் ஓட்டையை அது அடைக்காது. வியர்வையையும் ஈரப்பதம் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

காலையில் இதன் மேல் சன்ஸ்கிரீன். அதுவும் ஜெல் வகையாக இருந்தால் பிசுபிசுப்பு குறைவு.

முதல் வாரம் முகம் முன்பைவிடப் பளபளக்கலாம். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியை நம்பாமல், தினமும் ஒரே நேரத்தில் டிஷ்யூ ஒற்றிப் பாருங்கள். சாதாரண மாய்ஸ்சரைசரே எரிந்தால் தோல் அவ்வளவு பழுதாகியிருக்கலாம்; வாசனை இல்லாத வேறொன்றுக்கு மாறுங்கள். புதிதாகச் சின்னச் சின்னப் பொரிகள் வந்தால் கிரீம் கனமாக இருக்கக்கூடும்.

படி 4: ஒவ்வொன்றாகத் திரும்ப

இறுக்கம் நின்று ஒரு வாரமாவது ஆகட்டும். பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் திரும்பச் சேருங்கள். அவளுக்குப் பரு இருந்ததால் அடாபலினைத் தேர்ந்தெடுத்தோம்: வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசர் பூசி அது காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் இதைத் தொட வேண்டாம். சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் அதற்கும் இரண்டு வாரம் கழித்து, வாரம் இரண்டு முறை, அடாபலின் போடாத நாளில். டோனர் குப்பைக்குப் போனது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூக்கோரத்திலும் புருவத்திலும் சிவந்து, மஞ்சளாக எண்ணெய்ப் பசையோடு செதில் உதிர்கிறது, தலையில் பொடுகும் இருக்கிறது என்றால் அது செபொரிக் டெர்மடைடிஸாக இருக்கலாம். எத்தனை மாய்ஸ்சரைசர் போட்டாலும் அடங்காது. தோல் மருத்துவர் பூஞ்சைக்கு எதிரான மருந்து தருவார். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமைப் பூசிவிடாதீர்கள். பூசியதும் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பலாம்.

ஐந்தாவது வாரம் அவள் டிஷ்யூவைப் படம் எடுத்து அனுப்பினாள். மூக்கில் ஒற்றிய இடத்தில் எண்ணெய் அப்படியே இருந்தது. "இது போகாதா அக்கா?" போகாது, அது உன் சருமம் என்றேன். மதியம் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன். முகம் கழுவினதும் இழுக்கிறதா என்று கேட்டதற்கு, அதை மறந்தே பத்து நாளாச்சு என்றாள்.