விளையாட்டு விழா நன்றியுரை: இரண்டு நிமிடம் போதும்

பள்ளி விளையாட்டு விழாவில் நன்றியுரை வரும்போது பரிசளிப்பு முடிந்திருக்கும், பிள்ளைகள் காலையிலிருந்து வெயிலில் இருந்திருப்பார்கள், அடுத்தது நாட்டுப்பண்தான். அதனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

சிறப்பு விருந்தினரை வரவேற்புரையிலேயே புகழ்ந்தாயிற்று, மறுபடி பட்டங்களை அடுக்க வேண்டாம். அவர் பேச்சில் சொன்ன ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, "தோற்றவர்களுக்கும் கை தட்டச் சொன்னீர்களே ஐயா, அதற்குத் தனி நன்றி" என்றால் போதும். அவர் பாதியில் கிளம்பிவிட்டால் அந்த வரியை "சொல்லிச் சென்றார்" என்று மாற்றிவிடுங்கள்.

அதிகம் விட்டுப்போவது நடுவர்கள் பக்கம்தான். பொதுவாக "நடுவர்களுக்கு நன்றி" என்பதைவிட வேலையைச் சொல்லுங்கள்: விசில் அடித்து ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவர், முடிவுக்கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நின்றவர்கள், நீளம் தாண்டுதலில் ஒவ்வொரு தாவலுக்கும் டேப் பிடித்தவர்கள். தன்னார்வலர்களையும் இப்படித்தான், விடியற்காலையில் சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், முதலுதவி மேசையில் இருந்தவர்கள் என்று குழுவாகச் சொல்லுங்கள். பத்துப் பேரைப் பெயர் சொன்னால் பதினோராவது ஆள் முகம் வாடும்.

நன்கொடையாளர்கள் மட்டும் விதிவிலக்கு. கடைப் பெயரைப் பேனரில் இருப்பதுபோலவே எழுதிவைத்து, கொடுத்த பொருளோடு படியுங்கள், தொகை வேண்டாம். அன்று காலை கடைசி நேரத்தில் யாராவது வாழைப்பழத் தார் அனுப்பியிருப்பார்கள், மேடையேறும் முன் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.