கேஸ் கசிவில் மூக்கை நம்பிச் செய்யும் தவறுகள்

சமையல் கேஸாக வரும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான மணம் கிடையாது. அதனால் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். காற்றில் கேஸின் அளவு ஏறக்குறைய 2 சதவீதத்தை எட்டினால் அது தீப்பற்றக்கூடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தபோதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதே கலப்பின் கணக்கு. அடுப்புப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொள்கிறார்கள்; முகரும் மூக்கின் குறைகளைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நாற்றம் அடங்கியதும் கேஸும் போய்விட்டதாக நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஒரு வீட்டில் காலையிலிருந்து சமையலறையிலேயே இருந்த பாட்டி, "முதல்ல லேசா வந்துச்சு தம்பி, இப்ப இல்லை" என்றார். என்னுடன் வந்த பயிற்சி மெக்கானிக்கும் உள்ளே நுழைந்தபோது முகம் சுளித்தவர், சில நிமிடங்கள் அங்கேயே நின்று பேசிவிட்டு, "வாசனை போயிடுச்சு சார், லைட்டைப் போடட்டுமா?" என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். அவரைத் தெருவுக்கு இழுத்துச் சென்று சற்று நேரம் நிறுத்திவைத்து, மீண்டும் வாசல்வரை அழைத்து வந்ததும் அதே நாற்றம் அவர் மூக்கில் அறைந்தது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, அறை நன்றாகக் காற்றோடிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, ரெகுலேட்டரை மீண்டும் திறந்து பார்த்தோம்; மேடைக்கு அடியில் மடங்கியிருந்த குழாயின் வெடிப்பில் குமிழிகள் கிளம்பின.

ஒரே மணம் தொடர்ந்து படும்போது மூக்கின் உணர்விகளும் மூளையும் அதற்குப் பழகிச் சில நிமிடங்களில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அது தரையோடு தேங்கிக்கொண்டிருக்க, நிற்பவரின் மூக்குக்குக் குறைவாகவே எட்டும். ஆகவே நாற்றம் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து அப்போதுதான் வந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். உள்ளேயே இருந்தவரின் சொல்லை வைத்து எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது, அணைப்பதற்காகவும்கூட.

எல்லோருடைய மூக்கும் ஒன்று என்று எண்ணுவது

அறுபதைக் கடந்தவர்களில் பலருக்கு முகரும் திறன் குறைந்திருக்கும், ஆனால் அது குறைந்தது அவர்களுக்கே தெரியாது. சளி, நெடுநாள் புகைப்பழக்கம், கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் மணமிழப்பு ஆகியவையும் இதையே செய்யும். உறங்குபவரை இந்த நாற்றம் எழுப்பிவிடும் என்றும் நம்ப முடியாது. இப்படிப்பட்டவர் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் அலாரம் தேவை. அதைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும். கூரையை ஒட்டி மாட்டியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சிலிண்டர் தீரும்போது வரும் நாற்றம்

மெர்காப்டன் கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் கடைசித் திரவத்தில் செறிந்து நிற்கிறது, அதனால் அப்போது நாற்றம் கூடலாம். இருந்தாலும் சோப்புத் தண்ணீரால் சோதித்துக் கசிவில்லை என்று தெரிந்த பிறகே, சிலிண்டர் தீர்வதால் வரும் நாற்றம் என்று சொல்ல வேண்டும்.