லத்தீன் ஜெபத்துக்குத் தமிழ் எழுத்தில் கேப்ஷன்

ஏற்காட்டுத் தேவாலயத் திருவிழா வீடியோவில் பாடகர் குழு லத்தீனில் பாடும் வரியைத் தமிழில் எழுதப் போகிறீர்களா? முதலில் எல்லா இடத்திலும் எண் போடும் ஆசையை விடுங்கள். ஸ்லோகப் புத்தகங்களில் ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தோடு வரும் ², ³, ⁴ குறிகள் போனில் பொடிப்பொடியாகத் தெரியும். பாட்டு ஓடும்போது யார் பார்ப்பார்கள்?

பெரும்பாலான வேலையைத் தமிழே செய்துவிடும். சொல்லின் நடுவில் தனி வல்லினத்தை மென்மையாகவும், இரட்டித்தால் அழுத்தியும் வாசிப்போம். அதனால் Agnus Dei ஜெபத்தை இப்படி எழுதலாம்:

ஆஞ்ஞுஸ் தே³யி,
க்வி தொல்லிஸ் பெக்காத்தா முந்தி,
மிஸெரேரெ நோபிஸ்

'பெக்காதா' என்று எழுதினால் கடைசியில் 'தேதி'யின் 'தி' போல மென்மையான ஒலி வந்துவிடும், அதனால்தான் த்தா. நோபிஸ், முந்தி இரண்டுக்கும் குறியே வேண்டாம். (முந்தி வந்தவர் யார் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.)

சொல்லின் தொடக்கம்தான் சிக்கல். தேயி, தொல்லிஸ் இரண்டும் த-வில் தொடங்கினாலும் ஒலி வேறு. அங்கே மட்டும் ³ போட்டு, ஜெபம் தொடங்குமுன் ஒரு கேப்ஷனில் 'தே³: தேவன் என்பதில் வருவது போல' என்று காட்டுங்கள். எண்ணை முழு எழுத்துக்குப் பின்னால் தட்டச்சு செய்யுங்கள். த-வுக்கும் கொம்புக்கும் நடுவே போட்டால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் தெரியும்.

அப்புறம், லத்தீன் தெரியாத ஒருவரைப் பாட்டுச் சத்தம் இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.