வீல்சேர் கேட்டு டாக்டர் கடிதம்: எதை எழுதினால் நிற்கும், எதை எழுதினால் திரும்பி வரும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும். ரேஷன் கார்டும் பஞ்சாயத்தும் பாலக்காடு மாவட்டத்தில். ஆக, கடிதம் எழுதும் டாக்டர் வீட்டைப் பார்த்ததில்லை. அதைப் படித்துப் பணம் ஒதுக்குபவர் ஆளையே பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு தாள்தான்.

பஞ்சாயத்துத் திட்டம், அறக்கட்டளை, இழப்பீட்டு வழக்கு என்று எங்கே கொடுத்தாலும் படிப்பவர் தேடுவது மூன்றே விஷயம். இவரால் எதைச் செய்ய முடியவில்லை? இதைவிட மலிவான பொருள் ஏன் போதாது? கேட்கும் பொருளால் அந்தக் காரியம் நடக்குமா? "பக்கவாதம், வீல்சேர் தேவை" என்று இரண்டு வரி எழுதினால் மூன்றுக்கும் பதில் இல்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி கார்டு, வருமானச் சான்று எடுப்பதையெல்லாம் அக்ஷயா மையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே கடிதம் மட்டும். ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் 40 சதவீத ஊனம் வேண்டும். அதோடு, அதே தேவைக்குக் கடந்த 3 வருஷத்தில் உதவி வாங்கியிருக்கக் கூடாது (12 வயதுக்குக் கீழ் என்றால் 1 வருஷம்). முகாமில் கொடுத்தார்கள் என்று அளவு சேராத நாற்காலியை வாங்கி மூலையில் போட்டுவிட்டால் 3 வருஷம் போயிற்று. அதனால்தான் அளவிலிருந்து தொடங்குகிறோம்.

படி 1: வீட்டிலேயே அளப்பது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 46 வயது மரமேறி. தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் டி-12 மட்டத்தில் முழுச் சேதம். கைகளில் நல்ல பலம், இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. எடை 68 கிலோ.

உட்காரும் அகலத்தைத் தையல் டேப்பால் அளக்காதீர்கள். அது வளைவோடு போகும், கணக்குக் கெடும். கெட்டியான பலகையில் உட்கார வைத்து, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு தடித்த புத்தகத்தைச் செங்குத்தாக ஒட்டி நிறுத்தி, நடுவில் உள்ள தூரத்தை ஸ்டீல் டேப்பால் எடுங்கள். இவருக்கு 38 செ.மீ. அதோடு இரண்டு, இரண்டரை செ.மீ. கூட்டினால் 16 இன்ச் சீட் சரி. புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 46 செ.மீ.; அதில் 5 செ.மீ. குறைத்தால் சீட்டின் ஆழமும் 16 இன்ச்தான். ஆழம் கூடிப்போனால் சீட்டின் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தும். ஆள் முன்னால் சறுக்கி, வால் எலும்பின் மேல் உட்காருவார். புண் அங்கே ஆரம்பிக்கும்.

அடுத்தது கதவு. நிலைச்சட்டத்தை அளந்து பயனில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, கதவுப் பலகைக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவே நிஜமாக எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். இவர் வீட்டில் 64 செ.மீ. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 18 இன்ச் நாற்காலி, சக்கரத்தைத் தள்ளும் கைவளையத்தோடு 66 செ.மீ. வந்தது, நுழையாது. 16 இன்ச் நாற்காலி 60 செ.மீ.; பக்கத்துக்கு 2 செ.மீ. இடம் கிடைக்கிறது. விரல் முட்டி சட்டத்தில் உரசும், ஆனாலும் போய்விடும். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் கேட்லாக்கை நம்பாமல் நாற்காலியையே அளக்கவும். வாசற்படி 5 செ.மீ. உயரம்; 1-க்கு 12 என்ற சரிவில் 60 செ.மீ. நீளப் பலகை போதும். "சரிவுப் பலகையை வீட்டார் போட்டுக்கொள்கிறார்கள்" என்று கடிதத்திலும் ஒரு வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் "படி இருக்கும் வீட்டில் வீல்சேர் எதற்கு" என்ற கேள்வி வரும்.

படி 2: இரவல் நாற்காலியில் இரண்டு வாரம்

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுக்கு வரும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸிடம் சொன்னால் பல இடங்களில் நாற்காலியோ கட்டிலோ இரவலாகக் கிடைக்கும். அளவு பொருந்தாவிட்டாலும் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். "கொடுத்தால் பயன்படுத்துவார்" என்பது நம்பிக்கை. "14 நாள் பயன்படுத்தினார், தானே 50 மீட்டர் தள்ளினார்" என்பது சான்று. எங்கே இடிக்கிறது, எங்கே தோல் சிவக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப்புண். கறுத்த தோலில் இந்த நிற மாற்றம் சரியாகத் தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தேதியோடு குறித்துவையுங்கள், குஷன் கேட்க இதுதான் காரணம்.

படி 3: செயல்பாட்டுப் பத்தி

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். நோயின் பெயரை விரித்து எழுதுவார்கள். ஸ்கேன் முடிவு முழுவதையும் ஒப்பிப்பார்கள். ஆள் காலையில் கக்கூஸுக்கு எப்படிப் போகிறார் என்பது மட்டும் இருக்காது. இந்தப் பத்தியில் தூரம், நேரம், யாருடைய உதவி, எத்தனை முறை என்ற நான்கும் வர வேண்டும். நம் உதாரணத்துக்கு இப்படி:

"இவரால் தானாக நிற்கவோ நடக்கவோ முடியாது. இரு காலிலும் காலிப்பர் அணிந்து ஊன்றுகோலுடன் 10 மீட்டர் செல்ல 6 நிமிடம் ஆகிறது. நாடித்துடிப்பு 84-லிருந்து 138-க்கு ஏறுகிறது. இரு தோள்களிலும் வலி வருகிறது. படுக்கையிலிருந்து கழிப்பிடம் 14 மீட்டர். அங்கே செல்லத் தினமும் நான்கு முறை ஒருவர் தூக்க வேண்டியுள்ளது. காலை 8 முதல் மாலை 5 வரை வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அந்த நேரம் முழுவதும் படுக்கையில் இருக்கிறார். இரவல் வீல்சேரில் 14 நாள் பழகியதில், உதவியின்றி 50 மீட்டர் தள்ளினார். பக்கவாட்டுக் கைப்பிடி கழற்றப்பட்டால் படுக்கையிலிருந்து பலகை வழியே தானே சறுக்கி மாறுகிறார்."

காலிப்பர் பற்றிய வரியைக் கவனியுங்கள். மலிவான வழியை முயன்று பார்த்தாயிற்று, அது ஏன் போதவில்லை என்பதும் அதிலேயே அடங்கிவிட்டது. எண்களை மட்டும் வீட்டார் வாயிலிருந்து எடுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் கூட நின்று, போன் ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுதட்டும். "சிரமப்பட்டு நடக்கிறார்" என்று எழுதினால், படிப்பவர் கண்ணில் "நடக்கிறார்" மட்டும்தான் விழும்.

அதே காரணத்தால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். "உதவியுடன் நடக்கிறார்" என்று ஒரு வரி அதில் அடிக்கடி இருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவர் பிடித்து நாலடி நடத்தியதுதான் அது. கடிதம் "நடக்க முடியாது" என்றும் சம்மரி "நடக்கிறார்" என்றும் சொன்னால் கடிதம்தான் தோற்கும். சம்மரியை மாற்றச் சொல்லி அலைய வேண்டாம். "டிஸ்சார்ஜின்போது இருவர் பிடித்துச் சில அடிகள் நடத்தப்பட்டார், வீட்டில் அந்த உதவி இல்லை, தூரமும் அதிகம்" என்று கடிதத்திலேயே விளக்கிவிடுங்கள்.

படி 4: ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம்

"நல்ல தரமான வீல்சேர்" என்று எழுதினால் சாதாரண 18 இன்ச்தான் வரும். வேண்டிய பாகத்தையும் காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டுங்கள். 16 இன்ச் சீட், ஏனென்றால் இடுப்பு 38 செ.மீ., கதவு 64 செ.மீ. கழற்றும் கைப்பிடி, ஏனென்றால் நிற்க முடியாதவர் பக்கவாட்டில்தான் சறுக்கி மாற வேண்டும். பக்கத்துக்கு விலகும் கால் மிதி, ஏனென்றால் நாற்காலி கட்டிலை ஒட்டி நிற்க வேண்டும். குஷன், ஏனென்றால் புட்டத்தில் உணர்வு இல்லை, இரவல் நாற்காலியில் இன்ன தேதியில் வெளுக்காத சிவப்பு கண்டது. குஷன் போட்டால் ஆள் உயர்ந்துவிடுவார், கால் மிதியையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். எப்படி வைத்தாலும் மிதிக்கும் தரைக்கும் நடுவே 5 செ.மீ. மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் வாசற்படியில் தட்டும்.

கம்பெனிப் பெயர் எழுதாதீர்கள். கடைக்காரர் எழுதிக்கொடுத்த கடிதம் போல் ஆகிவிடும். காரணம் சொல்ல முடியாத பாகத்தையும் விட்டுவிடுங்கள். இவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன. பேட்டரி நாற்காலி கேட்டால் முழுக் கடிதமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

படி 5: கையெழுத்து

பிசியோ எழுதி, டாக்டர் திருத்தி, டாக்டரின் லெட்டர்பேடில் வருவதே நல்லது. பதிவு எண், தேதி, முத்திரை, எவ்வளவு காலம் தேவை (இவருக்கு ஆயுள் முழுவதும்) ஆகியவை வேண்டும். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உங்கள் விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். டாக்டர் கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கோவையில் எழுதியதைப் பாலக்காட்டில் யாரும் மொழிபெயர்க்கச் சொல்ல மாட்டார்கள்.

பின்சேர்க்கை: கட்டில் கேட்பவர்களுக்கு

பலர் கேட்டதால் இது. மேலே சொன்ன மரமேறிக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கேட்க மாட்டோம். அவர் தானே புரள்கிறார், தானே மாறுகிறார். நாற்காலி சீட்டின் உயரத்துக்கு மரக்கட்டிலைச் சரிசெய்தால் போதும். கட்டிலுக்கு வேறு காரணங்கள் வேண்டும்: மூச்சுத்திணறலாலோ புரையேறுவதாலோ தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்தே இருக்க வேண்டும், அல்லது வலியாலோ இறுக்கத்தாலோ சாதாரணக் கட்டிலில் கிடத்த முடியாத நிலையில் வைக்க வேண்டும். "தலையணை வைத்தால் போதாதா" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். எத்தனை தலையணை வைத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் சரிந்தார், இரவில் எத்தனை முறை தூக்கி வைத்தீர்கள் என்று மூன்று இரவு குறித்து, அதைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். காற்று மெத்தை தனிப் பொருள். அதற்குப் புண்ணையோ புண் வரும் அபாயத்தையோ தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் அடிக்கடி வருகிறது: கடிதத்தில் 16 இன்ச், கடை கொட்டேஷனில் 18. கொட்டேஷனைக் கையில் வாங்கியதுமே சீட் அகலம், கைப்பிடி, கால் மிதி, குஷன் நான்கையும் கடிதத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் கடையிலேயே திருத்தி வாங்கிய பிறகு மனுவோடு இணையுங்கள்.