90% என்றால் உண்மையில் எவ்வளவு? ஏஐ கண்டறியும் கருவியைப் பள்ளியிலேயே சோதிக்கும் முறை

கருவி ஒரு கட்டுரைக்கு "ஏஐ எழுதியது: 90%" என்று காட்டினால், அதே மதிப்பெண் வாங்கிய நூறு கட்டுரைகளில் 90 உண்மையிலேயே ஏஐ எழுதியதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கருவி பழகிய கட்டுரைகள் வேறு, உங்கள் மாணவர்கள் எழுதுபவை வேறு. அதோடு, இக்கருவிகளை இயக்கும் நியூரல் நெட்வொர்க்குகளுக்குத் தவறும்போதும் உறுதியாகச் சொல்லும் பழக்கம் உண்டு.

படி 1. அந்தச் சதவீதம் எதைக் குறிக்கிறது என்று கருவியின் விளக்கத்தில் பாருங்கள். சில கருவிகளில் அது கட்டுரையில் எவ்வளவு பகுதி ஏஐ எழுதியது என்ற மதிப்பீடு. அதை நிகழ்தகவாகப் படிக்கக் கூடாது.

படி 2. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதற்கு முன் மாணவர்கள் எழுதிய 200 கட்டுரைகளை எடுங்கள். பெயர்களை நீக்கி எண் போடுங்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தால் பிழைகளைத் திருத்தாதீர்கள். திருத்தினால் மதிப்பெண்ணே மாறிவிடலாம்.

படி 3. அதே தலைப்புகளில் ஏஐயிடம் 200 கட்டுரைகள் வாங்குங்கள். சிலவற்றை மாணவர் செய்வதுபோல் அங்கங்கே மாற்றி எழுதுங்கள்.

படி 4. நானூறையும் கருவியில் போட்டு, மதிப்பெண்ணையும் எழுதியது யார் என்பதையும் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு 0–50, 50–90, 90க்கு மேல் என்று பிரித்து எண்ணுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 90க்கு மேல் வந்தவை 152. அதில் ஏஐ 140, மாணவர் எழுதியது 12. அதாவது 92% சரி. கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும்.

படி 5. இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள், நிற்கக் கூடாது. நம் சோதனையில் பாதிக்குப் பாதி ஏஐ. வகுப்பில் அப்படி இருக்காது. பத்தில் ஒன்றுதான் ஏஐ என்று வைத்துக்கொள்வோம். 1000 கட்டுரைகளில் 100 ஏஐ. 200க்கு 140 என்ற கணக்கில் அதில் 70% சிக்கும், அதாவது 70 கட்டுரைகள் 90க்கு மேல் வாங்கும். மீதி 900 மாணவர்களுடையவை. 200க்கு 12 என்ற கணக்கில் அதில் 6%, அதாவது 54 தவறாகச் சிக்கும். ஆகச் சிக்கியது 124, அதில் ஏஐ 70 மட்டுமே. 90க்கு மேல் என்று காட்டிய எண்ணின் உண்மை மதிப்பு 56%. பத்தில் ஒன்று என்பது ஊகம்தான் என்பதால், இருபதில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்றும் போட்டுப் பாருங்கள்.

படி 6. தவறாகச் சிக்கிய அந்த 12 கட்டுரைகளையும் எடுத்து யார் எழுதியவை என்று பாருங்கள். கட்டுரை மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களில் எழுதுவதால் அதிகம் மாட்டுகிறார்கள். 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டபோது சராசரியாக 61% தவறாக ஏஐ எனப்பட்டன. நம் கணக்கில் அப்படிப்பட்டவர்களின் கட்டுரைகள் 60, அதில் 9 சிக்கின என்றால் அது 15%. படி 5இல் 6%க்குப் பதில் இதைப் போட்டால், அவர்களுக்கு அந்த எண்ணின் மதிப்பு சுமார் 34%தான்.

200இல் ஒன்றுகூடத் தவறாகச் சிக்காவிட்டாலும் தவறு பூஜ்யம் என்று எழுதாதீர்கள், 1.5% வரை இருக்கலாம். கருவி புதுப்பிக்கப்பட்டால் அதே நானூறை மறுபடி போட வேண்டும்.