காசோலை திரும்பினால் 30 நாள் கணக்கு

காசோலை பணமின்றித் திரும்பினால், அத்தகவல் வங்கியிலிருந்து நமக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு, காசோலை கொடுத்தவருக்கு எழுத்துமூல அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு கூறுகிறது. தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு, மறுநாளையே முதல் நாளாக எண்ண வேண்டும். மார்ச் 10 அன்று கிடைத்திருந்தால், மார்ச் 11 முதல் நாள், ஏப்ரல் 9 முப்பதாவது நாள். வேலை நாட்கள் என்று சட்டம் சொல்லாததால், இடையில் வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் கணக்கில் சேரும்.

கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் செய்யலாம் என்ற சலுகை, நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்யவேண்டிய செயலுக்கானது. நாமே அனுப்பும் அறிவிப்புக்கு அதை நம்பியிருப்பது ஆபத்து. வங்கிக் குறிப்பிலுள்ள தேதியும் அது கையில் கிடைத்த தேதியும் வேறுபடலாம் என்பதால், பெற்ற நாளுக்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லையெனில், குறிப்பின் தேதியிலிருந்தே எண்ணி முன்கூட்டியே விரைவுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது.